சின்ன முள்ளை மட்டும் வைத்து மணி சொல்லித்தர முடியுமா?

சாக்பீஸ் தூள் | 06.07.2024, இரவு 8.40

திருவட்டாறு பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளி, இரண்டாம் வகுப்பு, பத்தொன்பது குழந்தைகள். அடுத்த வாரம் கடிகாரம் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். போன ஆண்டு எல்லோரும் செய்வதுபோல அட்டையில் வட்டம் வெட்டி, இரண்டு முள் வைத்து, "பெரிய முள் பன்னிரண்டில், சின்ன முள் மூன்றில், அப்படியானால் மூன்று மணி" என்று தொடங்கினேன். முழு மணி ஒரே நாளில் வந்துவிட்டது. அரை மணியும் வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் குழம்பியது. ஆண்டு இறுதியில் 3.50 காட்டினால் பாதி வகுப்பு 4.50 என்றது.

இந்த ஆண்டு பெரிய முள்ளைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் மூன்று நாள் சின்ன முள்ளை மட்டும் வைத்து நடத்தலாமா என்று தோன்றுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கணக்குப்புலி | 06.07.2024, இரவு 9.05

தலைகீழாகப் போகிறீர்கள் டீச்சர். ஐந்தாம் வாய்ப்பாடு தெரியாததுதான் காரணம். பெரிய முள் 10-இல் இருந்தால் 50 என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மணி பார்ப்பது ஒன்றுமே இல்லை. வாய்ப்பாட்டை முதலில் முடியுங்கள்.

சாக்பீஸ் தூள் | 06.07.2024, இரவு 9.20

அந்தப் பிள்ளைகள் 50 என்பதைச் சரியாகத்தான் சொன்னார்கள். தவறியது நான்கு. வாய்ப்பாட்டால் அதற்கு மருந்து இல்லை.

மழைத்துளி | 06.07.2024, இரவு 9.31

எங்கள் வீட்டுக் கடிகாரத்திலும் பெரிய முள் சரியாக ஓடுகிறது, சின்ன முள் மட்டும் பின்தங்குகிறது. பேட்டரி மாற்றியும் பயன் இல்லை. நீங்கள் கழற்றிய முறையைச் சொல்ல முடியுமா?

பல்சக்கரம் | 06.07.2024, இரவு 10.15

மழைத்துளி, உங்கள் கடிகாரத்தில் சின்ன முள் அச்சில் தளர்ந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி, முள்ளை மெதுவாக அழுத்தி விடுங்கள். டீச்சர் கேட்பது வேறு.

டீச்சர், மார்த்தாண்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்க்கிறேன். பாடம் நடத்தத் தெரியாது, முள் தெரியும். உங்கள் அட்டைக் கடிகாரம் ஒரு பொய் சொல்கிறது. உண்மையான கடிகாரத்தில் இரண்டு முள்ளும் தனித்தனி ஆட்கள் அல்ல. நிமிட முள் பன்னிரண்டு சுற்று சுற்றினால் மணி முள் ஒரு சுற்று. உள்ளே மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று இரண்டு சோடிப் பல்சக்கரம் அந்த வேலையைப் பார்க்கிறது. உங்கள் அட்டையில் முள்கள் அவரவர் விருப்பத்துக்குச் சுற்றும். மூன்றரை காட்ட நீங்கள் சின்ன முள்ளை எங்கே வைத்தீர்கள்?

சாக்பீஸ் தூள் | 06.07.2024, இரவு 10.40

மூன்றில்.

நேராக மூன்றின் மேல். ஓராண்டு முழுவதும். இப்போதுதான் உறைக்கிறது. பயிற்சித்தாள் வரையும்போதும் அப்படியே வரைந்திருக்கிறேன். அதாவது, பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது "சின்ன முள் எந்த எண்ணில் இருக்கிறதோ அதுதான் மணி." வீட்டுச் சுவரில் உள்ள கடிகாரத்தில் 3.50-க்குச் சின்ன முள் நான்கை ஒட்டி நிற்கிறது. என் பாடத்தை ஒழுங்காகக் கேட்ட பிள்ளை அங்கே நான்கு என்றுதான் சொல்லும். கேட்காத பிள்ளைகள் தப்பித்திருப்பார்கள்.

பல்சக்கரம் | 06.07.2024, இரவு 10.58

ஒற்றை முள் புதுமை இல்லை. ஐரோப்பாவின் பழைய கோபுரக் கடிகாரங்கள் பலவற்றில் மணி முள் மட்டும்தான். இரண்டு எண்ணுக்கு நடுவே கால், அரை, முக்கால் கோடுகள் போட்டிருப்பார்கள். டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் வைத்து, கடிகாரம் நிமிடக் கணக்கில் நம்பத்தக்கதாக ஆன பிறகுதான் நிமிட முள்ளுக்கு வேலை வந்தது. அதுவரை பெரும்பாலும் சின்ன முள்தான் கடிகாரம்.

சாக்பீஸ் தூள் | 07.07.2024, காலை 6.50

இரவு தூக்கம் வரவில்லை, காரணம் அந்தக் கால், அரை, முக்கால். நாம் பேசுவதே அப்படித்தானே! மூன்றேகால், மூன்றரை, மூன்றேமுக்கால். மூன்றைத் தாண்டிக் கால் பங்கு, பாதி, முக்கால் பங்கு. சின்ன முள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே எங்கே நிற்கிறதோ, அதை அப்படியே வாயால் சொல்கிறோம். பெரிய முள்ளை ஒருமுறைகூடப் பார்க்க வேண்டியதில்லை.

நாகர்கோவில் அம்மா | 07.07.2024, காலை 7.30

இதைப் படித்ததும் என் மகளின் சிக்கல் புரிந்தது. ஆங்கில வழிப் பள்ளி. அங்கே 3.45-க்குக் குவார்ட்டர் டு ஃபோர். நான்கு என்ற பெயர் காதில் விழுகிறது, கால் என்றும் விழுகிறது, உடனே 4.15 என்று எழுதுகிறாள். வீட்டில் நான் மூன்றேமுக்கால் என்று சொன்னால் சரியாக எழுதுகிறாள். ஒரே குழந்தை, ஒரே கடிகாரம். பரீட்சைக்கு எதைப் பழக்குவது?

சாக்பீஸ் தூள் | 07.07.2024, காலை 7.42

தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லப் பழக்கலாம் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, என் வகுப்பு தமிழ் வழி.

சாக்பீஸ் தூள் | 07.07.2024, மாலை 5.15

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று. செய்த முறையை எழுதி வைக்கிறேன், அடுத்த ஆண்டு எனக்கே தேவைப்படும்.

டிவி வந்த அட்டைப்பெட்டியின் பக்கத்தில், ஆணியில் நூல் கட்டி 15 செ.மீ. ஆரத்தில் வட்டம். எண்களை 1, 2, 3 என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனால் 9-க்குப் பிறகு இடம் பற்றாது, போன ஆண்டு பத்தும் பதினொன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இந்த முறை அதே 15 செ.மீ. நூலை உச்சியில் தொடங்கி விளிம்பில் ஆறு முறை வைத்தேன். சரியாக ஆறு இடம் கிடைக்கிறது: 12, 2, 4, 6, 8, 10. நடுவில் நடுவில் ஒற்றை எண்கள்.

சின்ன முள் 8 செ.மீ. இதை ஏதோ கண்ணளவில்தான் வெட்டினேன், நல்ல காலம். 8 செ.மீ. முள்ளின் நுனி ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போக 4 செ.மீ.க்குச் சற்று மேலே நகர்கிறது. அப்படியானால் கால் மணிக்கு ஒரு செ.மீ.! நுனி போகும் பாதையில் உள்வட்டம் வரைந்து, ஒவ்வோர் எண்ணுக்கு நடுவிலும் மூன்று புள்ளி வைத்தேன். அரைப் புள்ளி மட்டும் சிவப்பு. பெரிய முள் 12 செ.மீ., அதை வெட்டி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். இன்னும் கண்ணில் படக்கூடாது.

சாக்பீஸ் தூள் | 07.07.2024, இரவு 8.05

ஒரு தலைவலி. அட்டையைச் சுவரில் சாய்த்தால் முள் தானே சரிந்து ஆறில் போய்த் தொங்குகிறது. எந்த நேரம் வைத்தாலும் ஆறு மணி. என் மகன் "அம்மா, உன் கடிகாரத்தில் எப்போதும் விளக்கேற்றும் நேரம்" என்கிறான்.

பல்சக்கரம் | 07.07.2024, இரவு 8.30

பழைய சைக்கிள் டியூபில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம் வெட்டி, முள்ளுக்கும் அட்டைக்கும் நடுவே வையுங்கள். நூலும் பொத்தானும் வேண்டாம், சின்ன திருகும் நட்டும் போட்டு இறுக்குங்கள். முள்ளின் பின்பக்கம் 2 செ.மீ. வால் விட்டு வெட்டினால் பாரமும் ஓரளவு ஈடாகும்.

கடலோரத் தாத்தா | 07.07.2024, இரவு 9.00

குளச்சலில் எங்கள் அப்பா கடிகாரமே கட்டியதில்லை. விடிவெள்ளியைப் பார்த்து வள்ளம் இறக்குவார். நாழிகைக் கணக்கு உண்டு, ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி. பிள்ளைகளுக்கு முதலில் வெயிலைக் காட்டுங்கள். பள்ளி முற்றத்தில் ஒரு கம்பு நட்டால் போதும், நிழல் எப்போது மிகச் சிறியதோ அப்போது பன்னிரண்டு. அட்டை, சைக்கிள் டியூப் எல்லாம் எதற்கு?

பல்சக்கரம் | 07.07.2024, இரவு 9.25

தாத்தா, கம்பு சரி, பன்னிரண்டு தவறு. இந்தியாவின் நேரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது, மிர்சாப்பூர் பக்கம். நாம் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். பாகைக்கு நான்கு நிமிடம், ஆக இருபது நிமிடம் தாமதமாகத்தான் இங்கே உச்சி. இந்த ஜூலையில் 12.25 வாக்கில் வரும். பிப்ரவரியில் 12.30-ஐத் தாண்டும். நவம்பர் தொடக்கத்தில்தான் பன்னிரண்டை நெருங்கும்.

கடலோரத் தாத்தா | 07.07.2024, இரவு 9.40

அப்பா கஞ்சி குடிக்க வந்தபோது அம்மா எப்போதும் "தாமதம்" என்று திட்டுவாள். இருபது நிமிடம் யார் கணக்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

சாக்பீஸ் தூள் | 08.07.2024, இரவு 7.50

முதல் நாள். ஒற்றை முள். "சின்ன முள் எதைத் தாண்டிவிட்டது? எதை இன்னும் தொடவில்லை?" இந்த இரண்டு கேள்வி மட்டும். எண்ணைக் கேட்கவில்லை, மணியும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் எல்லோரும் சொன்னார்கள். "மூன்றைத் தாண்டிவிட்டது, நான்கைத் தொடவில்லை."

அப்புறம் அவர்கள் நாளையே எடுத்துக்கொண்டோம். எழுவது, பல் தேய்ப்பது என்று பொதுவாகப் போகவில்லை. "உன் வீட்டில் காலையில் முதலில் எழுவது யார், அப்போது முள் எங்கே?" வகுப்பில் பாதிக்கு மேல் ரப்பர் வெட்டும் வீடு. அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவது, அம்மா கட்டஞ்சாயா வைப்பது, பால் உறைய ஊற்றுவது. ஒவ்வொருவராக வந்து முள்ளை வைத்தார்கள். ஒரு பெண் நான்கில் வைத்துவிட்டு, "மழை பெய்தால் நான்கு மணி வராது டீச்சர்" என்றாள்.

முதலில் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மழை பெய்தால் மரத்தில் வெட்டு இல்லை, அப்பா எழுவதில்லை, விளக்கு எரிவதில்லை. அவளுக்கு நான்கு மணி என்பது அதுதான். அன்றாட வேலையை வைத்துச் சொல்லித்தரும்போது, வேலையும் மணியும் ஒன்றாகவே ஒட்டிக்கொண்டுவிடும் போலிருக்கிறது.

கணக்குப்புலி | 08.07.2024, இரவு 8.10

அதனால்தான் சொன்னேன், எண்ணில் தொடங்குங்கள் என்று.

சாக்பீஸ் தூள் | 08.07.2024, இரவு 8.20

எண்ணில் தொடங்கினால் அந்தக் குழந்தைக்கு நான்கு மணியே இருந்திருக்காது. அவள் கையில் ஒன்று இருக்கிறது, அதைப் பிரிக்கத்தான் வேண்டும். நாளை ஒரே வேலையை இரண்டு நேரத்தில் வைக்கப் போகிறேன். மழை நாளில் அப்பா எழும் நேரம், வெயில் நாளில் எழும் நேரம். இரண்டு நாளிலும் முள் நான்கின் மேல் போகத்தான் செய்கிறது, அப்பா மட்டும் படுத்திருக்கிறார்.

சாக்பீஸ் தூள் | 09.07.2024, இரவு 8.30

போயிற்று. முள்ளை நானே மெதுவாகச் சுற்றினேன், அவள் அப்பாவாக நடித்து மேசையில் தலைவைத்துப் படுத்தாள். முள் நான்கைத் தாண்டியது. "நான்கு வந்ததா?" "வந்தது, நான் பார்க்கவில்லை" என்றாள். போதும்.

பிறகு புள்ளிகள். நாலேகால், நாலரை, நாலேமுக்கால். ஒரு பையன் "கால்" என்றதும் தன் காலைத் தூக்கிக் காட்டினான், "முக்கால்" என்றதும் பக்கத்தில் இருந்தவனையும் கூப்பிட்டு மூன்று காலைத் தூக்கினார்கள். ஐந்து நிமிடம் வகுப்பு கையில் இல்லை.

நேரம் மிச்சம் இருந்ததால் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தேன்: முள் இரண்டு எண்ணுக்கு நடுவே இருந்தால், சின்ன எண்ணைச் சொல்லு. சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

சாக்பீஸ் தூள் | 10.07.2024, பிற்பகல் 1.35

மேலே எழுதிய குறுக்குவழியை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்று மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அட்டையில் முள்ளைப் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவே சிவப்புப் புள்ளியில் வைத்தேன். "ஒன்றரை!" என்று பதினொரு பேர். சின்ன எண் எது? ஒன்றுதானே. நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்கள். வட்டத்தில் அந்த ஓர் இடத்தில் மட்டும் சின்ன எண் முன்னால் வருகிறது, அந்த இடம்தான் எங்கள் சாப்பாட்டு நேரம்.

"தாண்டிய எண்" என்பதற்கே திரும்பிவிட்டேன். மெதுவாகத்தான் வரும், ஆனால் பன்னிரண்டிலும் நிற்கும்.

நாகர்கோவில் அம்மா | 10.07.2024, இரவு 9.00

என் மகளுக்கும் 12.30 தான் தகராறு. "பன்னிரண்டுதானே கடைசி, அதைத் தாண்டினால் என்ன இருக்கிறது" என்கிறாள்.

கணக்குப்புலி | 10.07.2024, இரவு 9.12

சாப்பாடு என்று தெரிந்தும் ஒன்றரை என்றார்களா? அப்படியானால் அன்றாட வேலை உதவவில்லை என்றுதானே பொருள்?

சாக்பீஸ் தூள் | 10.07.2024, இரவு 9.40

இது நல்ல கேள்வி. எனக்கும் உறுத்தியது. மீதி எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறு பேர் முள்ளைப் பார்க்கவே இல்லை. "சாப்பாடு பன்னிரண்டரைக்கு" என்று தெரியும், சொன்னார்கள். அதனால் முள்ளை 11.30-க்கு நகர்த்தி, "சாப்பிடப் போகலாமா?" என்றேன். நான்கு பேர் தட்டை எடுத்துவிட்டார்கள். சரியான விடை வந்தாலும் முள்ளைப் படித்ததா, வயிற்றைப் படித்ததா என்று பார்க்க, வேலைக்குப் பொருந்தாத நேரத்தை வைத்துக் கேட்பதுதான் வழி என்று இப்போது தோன்றுகிறது. பள்ளி விடுவது 4.10-க்கு. 3.10-இல் வைத்துப் பையை மாட்டச் சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் மாட்டுகிறார்கள் என்று.

பல்சக்கரம் | 11.07.2024, காலை 9.20

இழுப்பறையில் உள்ள முள்ளை எப்போது எடுக்கப் போகிறீர்கள்? எடுக்கும்போது அட்டையில் எடுக்காதீர்கள். கடையில் ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது, கண்ணாடி இல்லை. பின்னால் உள்ள குமிழைத் திருகினால் இரண்டு முள்ளும் சேர்ந்தே போகும். திருவட்டாறு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

கணக்குப்புலி | 11.07.2024, காலை 10.05

அப்படியானால் தொடக்கத்திலிருந்தே அதை வைத்திருக்கலாமே. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அட்டை வெட்டியது வீண்.

சாக்பீஸ் தூள் | 11.07.2024, இரவு 8.15

வீண் இல்லை. அந்தக் கடிகாரத்தில் சின்ன முள்ளை மூன்றிலிருந்து நான்குக்குக் கொண்டுபோக, பெரிய முள் ஒரு முழுச் சுற்று ஓடவேண்டும். பிள்ளைகள் கண் ஓடுவதன் பின்னால்தான் போகும், மெல்ல நகர்வதைப் பார்க்காது. பெரிய முள்ளை மறைக்க வழியில்லாததால்தான் அட்டை. இரண்டும் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று காட்டத்தான் அந்தக் கடிகாரம். உங்கள் கடிகாரம் வந்து சேர்ந்தது அண்ணே, நடத்துநர் "வெடிகுண்டா டீச்சர்?" என்று கேட்டுத்தான் கையில் கொடுத்தார்.

சாக்பீஸ் தூள் | 12.07.2024, இரவு 9.10

இன்று இரண்டு முள். போன ஆண்டு கவிழ்ந்த அதே 3.50.

முதலில் பெரிய முள்ளை என் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். "சின்ன முள் எங்கே?" "நான்கை ஒட்டி." "தொட்டதா?" இங்கே வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சிலர் தொட்டது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். நியாயம்தான், 3.50-க்கு முள் நுனி நான்கிலிருந்து கொஞ்சம்தான் தள்ளி நிற்கிறது, பின்வரிசையிலிருந்து தொட்டதுபோலவே தெரியும். ஒற்றை முள்ளின் எல்லை அதுதான். மூன்றேமுக்காலா, நான்குக்குப் பத்து குறைவா என்று அதால் சொல்ல முடியாது.

அப்போது கையை எடுத்தேன். "சண்டையைத் தீர்க்க இவனைக் கேட்போம்." பெரிய முள் பன்னிரண்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அவன் பன்னிரண்டுக்கு வரும்போதுதான் சின்னவன் எண்ணைத் தொடுவான் என்று குமிழைத் திருகிக் காட்டினேன், முன்னும் பின்னும் ஐந்தாறு முறை. மழை நாள் பெண்தான் முதலில் சொன்னாள்: "அப்படியானால் நான்கு வரவில்லை டீச்சர். மூன்றுதான். மூன்று மணி, அப்புறம் ஐம்பது." கணக்குப்புலி, ஐம்பதை அவள் ஐந்து ஐந்தாக எண்ணித்தான் சொன்னாள், உங்களுக்கு அதில் பங்கு உண்டு.

தாளில் 2.50, 3.50, 4.05, 12.55 என்று நான்கு படம் கொடுத்தேன். முதல் மூன்றும் பதினைந்து பேர் சரி. 12.55-இல் ஏழு பேர் மட்டும். மீதிப் பேரில் பலர் 1.55.

கணக்குப்புலி | 12.07.2024, இரவு 9.25

பதினைந்தா? சரி.

கடலோரத் தாத்தா | 12.07.2024, இரவு 9.50

கம்பு நட்டீர்களா?

சாக்பீஸ் தூள் | 12.07.2024, இரவு 10.02

நட்டோம் தாத்தா. மூன்று நாளாக மேகம். நிழலே விழவில்லை.

சாக்பீஸ் தூள் | 15.07.2024, மாலை 6.30

பன்னிரண்டுக்காக இன்று ஒன்று செய்து பார்த்தேன். அட்டைக் கடிகாரத்தைத் தரையில் வைத்து, ஒருவனை எண் வட்டத்தைச் சுற்றி நடக்கவிட்டேன். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. "பன்னிரண்டைத் தாண்டி நிற்கிறேன், ஒன்றைத் தொடவில்லை" என்று அவன் சொன்னான், சரியாகச் சொன்னான். சுவரில் மாட்டியதும் அதே பையன் மறுபடி ஒன்றரை என்றான். தரையில் வருவது சுவரில் ஏன் வரவில்லை என்று பிடிபடவில்லை. நாளை அட்டையைப் பாதிச் சாய்த்து, மேசையில் வைத்துப் பார்க்கிறேன்.

மழைத்துளி | 15.07.2024, இரவு 7.15

பல்சக்கரம் அண்ணே, அழுத்திவிட்டேன். இப்போது ஓடுகிறது. ஆனால் முள்ளைத் தவறான இடத்தில் வைத்து அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. பெரிய முள் பன்னிரண்டில் இருக்கும்போது சின்ன முள் இரண்டு எண்ணுக்கு நடுவில் நிற்கிறது.

சாக்பீஸ் தூள் | 15.07.2024, இரவு 7.20

அதைக் கழற்றாதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள், நாளை வகுப்பில் "இந்தக் கடிகாரத்தில் என்ன தவறு?" என்று கேட்க வேண்டும்.